வவுச்சர் வைஃபை: குறியீட்டை எதில் அடிக்கிறீர்கள்?

கோ-வொர்க்கிங் இடத்தில் இரண்டு மணி நேர வவுச்சர் வாங்கி, வேலை செய்கிறதா என்று முதலில் போனில் அடித்துப் பார்த்தேன். அப்புறம் லேப்டாப்பில் அடித்தால், ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று வந்தது. பல இடங்களில் ஒரு குறியீடு ஒரே கருவிக்குத்தான். நேரமும் முதல்முறை அடித்ததுமே ஓடத் தொடங்கும். லேப்டாப்பை மூடி வைத்தாலும் பல இடங்களில் நிற்காது. அதனால் சார்ஜர், கோப்பு எல்லாம் தயாரான பிறகு, வேலை செய்யப்போகும் கருவியிலேயே அடியுங்கள்.

வைஃபை இணைந்தும் குறியீடு கேட்கும் பக்கம் வரவில்லையா? விபிஎன்னை நிறுத்திவிட்டு, பிரவுசரில் `http://neverssl.com` என்று அடியுங்கள். `https` பக்கங்களை அந்த நெட்வொர்க்கால் சரியாகத் திருப்பிவிட முடியாது. இது சாதாரண `http` என்பதால் பெரும்பாலும் உள்நுழைவுப் பக்கம் வந்துவிடும்.