எண் எந்தப் படத்திலிருந்து வந்தது? பக்கம், வரிசை குறிப்பதில் நேரும் தவறுகள்

1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு ஒன்றை ஸ்கேன் படங்களிலிருந்து எக்செலுக்கு மாற்றுகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு ஊரில் ஆண்கள் 921, பெண்கள் 925, மொத்தம் 1,346 என்று வருகிறது. கூட்டினால் 1,846 வர வேண்டும். படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் மென்பொருள் 8-ஐ 3 என்று படித்ததா, அச்சிலேயே பிழையா? படத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் எந்தப் படம்?

அதற்குத்தான் எந்தப் படம் என்று எழுத img, அந்தப் பக்கத்தில் எத்தனையாவது வரிசை என்று எழுத row என இரண்டு நெடுவரிசைகள். பலரும் row நெடுவரிசையில் `=ROW()` போட்டு இழுத்துவிடுகிறார்கள். அது எக்செல் தாளின் வரிசை எண்தானே தவிர, பக்கத்தின் வரிசை எண் இல்லை. மக்கள்தொகை வாரியாக ஒருமுறை வரிசைப்படுத்தினால் போதும், எண்கள் எல்லாம் புதிதாகக் கணக்கிடப்பட்டு மேலிருந்து 2, 3, 4 என்று மாறிவிடும். பக்கத்தில் 23-ஆவதாக இருந்த ஊருக்கு அந்த 23 திரும்பக் கிடைக்காது.

பக்கம் விஷயத்தில் வேறொரு குழப்பம். அச்சிட்ட பக்க எண் 131, படக் கோப்பு 0147.jpg. முன்னுரைப் பக்கங்கள் 16 இருப்பதால் இந்த வித்தியாசம். சரி, 16-ஐக் கூட்டிக்கொள்ளலாம் என்று அச்சு எண்ணை மட்டும் எழுதி வைத்தால், நடுவில் எண் போடாத வரைபடத் தாள் ஒன்றின் இரு பக்கங்களும் வந்ததும் வித்தியாசம் 18 ஆகிவிடும். அதனால் கோப்பின் பெயரையே எழுதுங்கள். அச்சு எண்ணும் வேண்டுமென்றால் தனி நெடுவரிசையில் வைக்கலாம்.

எண் போடும் நேரமும் முக்கியம். எல்லாப் பக்கங்களையும் ஒட்டி, வெற்று வரிசைகளையும் தாலுகா மொத்தங்களையும் நீக்கிய பிறகு போட்டால் பயனில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் படித்த கையோடு, எதையும் நீக்கும் முன்பே போட வேண்டும். பைத்தானின் pandas-இல், அந்தப் பக்கத்தின் அட்டவணை df என்றால், இப்படி:

```python
df.insert(0, "img", "0147.jpg")
df.insert(1, "row", range(1, len(df) + 1))
```

எது ஒரு வரிசை என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். தலைப்பைச் சேர்க்க வேண்டாம். தாலுகா மொத்தத்தைச் சேர்க்கலாம். இரண்டு வரியில் மடங்கிய ஊர்ப்பெயரை ஒன்றாகவே எண்ணுங்கள். ஓசிஆர் அதை இரண்டாகப் பிரித்திருந்தால், எண் போடுவதற்கு முன் சேர்த்துவிடுங்கள். இந்த விதியைக் கோப்பிலேயே ஒரு தாளில் எழுதி வைத்தால், அப்புறம் சரிபார்க்க வருபவரும் அதேபடி எண்ணுவார்.

இவ்வளவு செய்தும் ஓர் ஓட்டை மிச்சமிருக்கும். ஓசிஆர் 12-ஆவது வரிசையை விட்டுவிட்டால், அதற்குக் கீழே எல்லாமே ஒன்று குறைந்துவிடும். Row 23 என்பது உண்மையில் 24-ஆவது வரிசை. அதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு படத்திலும் கடைசி ஊர்ப்பெயரையும் அது எத்தனையாவது வரிசை என்பதையும் பாருங்கள். எக்செல் தாளில் அதே பெயர் அதே எண்ணோடு இருக்கிறதா? பெயர் ஒன்றாக இருந்து எண் மட்டும் வேறாக இருந்தால், நடுவில் ஏதோ விழுந்திருக்கிறது அல்லது கூடியிருக்கிறது. பக்கத்துக்கு அரை நிமிட வேலை.