பின்மொழிபெயர்ப்பு பொருந்துகிறது, கேள்வி பொருந்தவில்லை

ஆங்கில வினாப்பட்டியலை ஒருவர் தமிழாக்குகிறார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலமாக்குகிறார். இரண்டு ஆங்கிலத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறார்கள். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பின்மொழிபெயர்ப்பு என்ற இந்த முறை ஆய்வாளர்களிடையே நன்றாக வேரூன்றிவிட்டது. இதில் அடிக்கடி நடக்கும் தவறு, இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போனதும் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பது. பதில் சொல்லப்போகிறவர் படிப்பது நடுவில் இருக்கும் தமிழை. அதைத்தான் யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை.

'ஃபீலிங் டவுன்' என்பதை 'கீழாக உணர்தல்' என்று எழுதிப் பாருங்கள். திருப்பி மொழிபெயர்ப்பவர் கண்ணை மூடிக்கொண்டு 'ஃபீலிங் டவுன்' என்று எழுதிவிடுவார். அப்பழுக்கில்லாத பொருத்தம், ஆனால் தமிழில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'மனசு சரியில்லாமல் இருந்தது' என்று எழுதியிருந்தால் ஆங்கிலம் சற்று விலகி வந்திருக்கும், உடனே அதற்குச் சிவப்பு மை விழுந்திருக்கும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தவருக்குப் பாராட்டு, பொருளைப் பிடித்தவருக்குத் திருத்தம். ஒப்பீட்டை மட்டும் நம்பினால் இப்படித்தான் முடியும்.

இதைவிட நுட்பமாக ஏமாற்றுவது விடைத் தெரிவுகள். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். (இங்கே காட்டும் தமிழ் வரிகள் விளக்கத்துக்காக எழுதியவை; ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள எந்தத் தமிழ் வடிவத்திலிருந்தும் எடுத்தவை அல்ல.) கடந்த 2 வாரங்களில் ஒவ்வொரு பிரச்சினையும் எவ்வளவு அடிக்கடி தொந்தரவு செய்தது என்று அது கேட்கிறது. தெரிவுகள் நான்கு: ஒருநாளும் இல்லை, 'செவரல் டேஸ்', பாதிக்கும் மேற்பட்ட நாட்கள், கிட்டத்தட்ட தினமும். மதிப்பெண் முறையே 0, 1, 2, 3.

'செவரல் டேஸ்' என்பதற்குப் 'பல நாட்கள்' என்று போடத்தான் கை போகும். திரும்பி வரும்போதும் அது 'செவரல் டேஸ்' என்றே வரும். ஆனால் 14 நாட்களில் 10 நாள் மனம் துவண்டிருந்தவர் தன்னை எங்கே வைப்பார்? பத்து நாள் என்பது தமிழில் பல நாள்தான். 'பாதிக்கும் மேற்பட்ட நாட்கள்' என்பதற்கு முன்பே அது வருகிறது, அங்கேயே குறி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது 2, கிடைத்தது 1. ஐந்து கேள்விகளில் இப்படி நடந்து, மற்ற நான்கில் அவருக்கு 0 என்றால் 10 வர வேண்டிய மொத்தம் 5 ஆகிவிடும். 10 என்பதுதான் வழக்கமாக வெட்டுப்புள்ளியாக வைக்கப்படும் எண். ஆக, மனச்சோர்வு இருக்கலாம் என்று கருதப்படுவோர் பட்டியலிலிருந்தே அவர் விழுந்துவிடுகிறார். பின்மொழிபெயர்ப்பில் இதற்கு ஒரு தடயமும் இருக்காது.

இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. நான்கு தெரிவுகளையும் தனித்தனிச் சீட்டில் எழுதிக் கலைத்து, பத்துப் பேரிடம் குறைவிலிருந்து கூடுதலாக அடுக்கச் சொல்லுங்கள். பிறகு, '14 நாளில் இது எத்தனை நாள்?' என்று ஒவ்வொரு சீட்டுக்கும் எண் கேளுங்கள். 'பல நாட்கள்' சீட்டுக்கு ஒருவர் 4 என்றும் இன்னொருவர் 10 என்றும் சொன்னால் அந்தச் சொல் உதவாது. 'சில நாட்கள்' என்று மாற்றி மறுபடி கேளுங்கள்; எண்கள் 7க்குள் நின்றால் வைத்துக்கொள்ளலாம். திரும்பும் ஆங்கிலம் 'எ ஃப்யூ டேஸ்' என்று வந்து மூலத்தோடு பிசகும். பிசகட்டும். ஏன் ஏற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும்.

அடுத்த சிக்கல் வாக்கிய அமைப்பில் இருக்கிறது. ஆங்கிலத்தில் தலைக்கேள்வி ஒருமுறை வரும், கீழே துண்டு துண்டாகப் பிரச்சினைகள் வரும். தமிழில் அந்தத் துண்டுகளை 'நாட்டம் குறைதல்', 'பசியின்மை' என்று எழுதினால் தாளில் ஒழுங்காகத்தான் தெரியும். நேர்காணல் எடுப்பவர் அதை வாய்விட்டுப் படிக்கும்போது ஐந்தாவது கேள்விக்குள் தலைக்கேள்வி மறந்துபோகும். அவர் தானாகவே, 'பசி இல்லையா உங்களுக்கு?' என்று கேட்க ஆரம்பிப்பார். இரண்டு வாரமும் போயிற்று, எத்தனை நாள் என்பதும் போயிற்று. எனவே வாய்வழியாகக் கேட்கப்போகும் பட்டியலில் ஒவ்வொன்றையும் முழுக் கேள்வியாகவே எழுதுங்கள்: 'கடந்த 2 வாரத்தில் எத்தனை நாள் பசி இல்லாமல் கஷ்டப்பட்டீர்கள்?' இதில் 'கஷ்டப்பட்டீர்கள்' என்பதை நீளம் கருதி வெட்டிவிடத் தோன்றும். வெட்டக்கூடாது. மூலம் கேட்பது பிரச்சினை இருந்ததா என்று அல்ல, அது தொந்தரவாக இருந்ததா என்று.

எதிர்மறைக் கேள்வி தனித் தலைவலி. 'உங்களுக்குத் தூக்கம் வரவில்லையா?' என்று கேட்டால் தூங்காதவர், 'ஆமா' என்றும் சொல்வார், 'இல்லை' என்றும் சொல்வார். முதலாவது 'ஆமா, வரவில்லை'. இரண்டாவது 'இல்லை, வரவில்லை'. நன்றாகத் தூங்கியவரும், 'இல்லையே, வந்ததே' என்பார். 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம் போட்டு வைத்திருந்தால் ஒரே நிலையில் உள்ள இருவர் எதிரெதிர்க் கட்டங்களில் விழுவார்கள். இதுவும் ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது அழகாகப் பொருந்தும். 'தூக்கம் வந்ததா?' என்று நேராகக் கேட்டு, கட்டங்களில் 'வந்தது', 'வரவில்லை' என்று வினையையே எழுதுங்கள். கேள்வி புரட்டப்பட்டதால் மதிப்பெண்ணையும் புரட்ட வேண்டும், அதை மறந்துவிடுவதும் நடக்கும்.

ஆள் தேர்வுக்கு வருவோம். வினாப்பட்டியல்களை மொழிமாற்றுவது பற்றிப் பீட்டன் குழுவினர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், தமிழாக்க இருவர், திருப்ப இருவர் வேண்டும் என்கிறது. திருப்புகிறவர்கள் மூலத்தைப் பார்த்திருக்கக் கூடாது, ஆங்கிலம் தாய்மொழியாக இருக்க வேண்டும். தமிழ் நன்றாகத் தெரிந்த அப்படிப்பட்டவர்கள் எளிதில் கிடைப்பதில்லை, பெரும்பாலும் தமிழரே திருப்புகிறார். துறை தெரிந்த தமிழர் என்றால் இன்னும் ஆபத்து: கோணலான தமிழைப் பார்த்ததும், இது இன்ன அளவுகோல் என்று ஊகித்து, மூலம் எப்படி இருந்திருக்குமோ அப்படியே நேராக்கி எழுதிவிடுவார். அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: தமிழில் இருப்பதை மட்டும் எழுதுங்கள், சரிசெய்யாதீர்கள், இரண்டு பொருள் வந்தால் இரண்டையும் எழுதுங்கள், யாரும் இப்படிப் பேசமாட்டார்கள் என்று தோன்றும் வரிக்குப் பக்கத்தில் குறி போடுங்கள். இந்தக் குறிகள்தான் குழுக் கூட்டத்தில் அதிகம் பயன்படுகின்றன.

அதன் பிறகு முன்னோட்டம். மேற்சொன்ன வழிகாட்டுதல் 30 முதல் 40 பேர் வரை கேட்கச் சொல்கிறது. 'புரிந்ததா?' என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்றே சொல்வார்கள். 'இந்தக் கேள்வியை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்', 'பதில் சொல்லும்போது எந்த நாட்களை நினைத்தீர்கள்?' என்று கேளுங்கள். பட்டியல் எங்கே போகப்போகிறதோ அந்த ஊர்ப் பேச்சுக்காரர்களிடமே கேளுங்கள். 'வீட்டில் உங்களிடம் யாராவது பேசினார்களா?' என்ற வரி யாழ்ப்பாணத்தில், 'யாராவது திட்டினார்களா?' என்று காதில் விழக்கூடும். அங்கே உரையாடுவதற்குச் சொல் 'கதைப்பது'.