பக்கத்து ஊருக்கு முறுக்கு அனுப்பும் முன்: நான்கு ‘பி’யில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொருள், விலை, இடம், விளம்பரம். மார்க்கெட்டிங் வகுப்பில் முதலில் வருகிற, ஆங்கிலத்தில் ‘பி’ எழுத்தில் தொடங்குகிற நான்கு ‘பி’ இவைதான். 1960-ல் ஜெரோம் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் இப்படிப் பிரித்து வைத்தார். சிறு உணவுத் தொழில் செய்பவர்கள் இதைப் பார்த்ததும் ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிரப்பிவிடுகிறார்கள். சிக்கலே அங்கேதான் ஆரம்பம்.

மணப்பாறையில் முறுக்கு சுட்டு வீட்டு வாசலிலேயே விற்கும் ஒருவர், திருச்சி மளிகைக் கடைகளில் சரக்குப் போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 200 கிராம் பாக்கெட். மாவு, எண்ணெய், கேஸ், கூலி, கவர் எல்லாம் சேர்த்து அடக்கம் 36 ரூபாய். ஊரில் 50 ரூபாய்க்கு விற்கிறார். கையில் 14 ரூபாய் நிற்கிறது.

அதே 50 ரூபாயைத் திருச்சிக்கும் எம்.ஆர்.பி.யாக அச்சடிப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கடைக்காரர் 20 சதவீதம் கேட்டால் 10 ரூபாய் அவருக்குப் போகும். மீதி 40. வண்டிக்கும் டிரைவருக்கும் ஒரு நடைக்கு 1,000 ரூபாய், ஏற்றிப்போவது 250 பாக்கெட் என்றால் பாக்கெட்டுக்கு 4 ரூபாய். அடக்கத்தையும் கழித்தால் மிச்சம் பூஜ்யம். இதில் ரிட்டர்ன் இன்னும் சேரவில்லை. நூற்றுக்கு ஐந்து பாக்கெட் திரும்பி வந்தாலே பாக்கெட்டுக்கு ஏறத்தாழ 2 ரூபாய் நஷ்டம்.

அதனால் விலையைக் கடையிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். எம்.ஆர்.பி. 60 என்றால் கடைக்கு 12, வண்டிக்கு 4, ரிட்டர்னுக்கு 2, அடக்கம் 36. நிற்பது 6 ரூபாய். திருச்சிக்காரர் 60 கொடுப்பாரா என்று தயக்கமாக இருந்தால், 50 ரூபாயை வைத்துக்கொண்டு எடையைக் குறைக்கலாம். அப்போது நீங்கள் மாற்றுவது விலையை அல்ல, பொருளை. கவரில் நிகர எடையையும் மாற்றி அச்சிட மறக்காதீர்கள்.

இடத்தில் நடக்கும் தவறு ஆசையால் வருவது. ஸ்ரீரங்கத்தில் மூன்று கடை, தில்லை நகரில் நான்கு, கே.கே. நகரில் இரண்டு என்று ஊர் முழுக்கத் தெளித்துவிடுவார்கள். மேலே போட்ட 4 ரூபாய்க் கணக்கு, ஒரே லைனில் 25 கடை, கடைக்கு 10 பாக்கெட் என்றால்தான் நிற்கும். அதே வண்டி 125 பாக்கெட்டோடு ஊரைச் சுற்றினால் பாக்கெட்டுக்கு 8 ரூபாய். ஆறு ரூபாய் லாபம் இரண்டாகிவிடும். கடன் வேறு. பெரும்பாலான கடைகளில் அடுத்த சரக்கு இறக்கும்போதுதான் பழைய பில்லுக்குப் பணம் வரும். 250 பாக்கெட், 48 ரூபாய் வீதம் 12,000 ரூபாய் எப்போதும் வெளியிலேயே நிற்கும். அந்த முதலைத் தனியாக ஒதுக்காதவர்கள்தான் மூன்றாவது வாரம் எண்ணெய் வாங்கப் பணமில்லாமல் நிற்கிறார்கள்.

இனி பொருள். சுவை நன்றாகத்தான் இருக்கும், சந்தேகமே வேண்டாம். ஆனால் வாசலில் இரண்டு நாளில் தீர்ந்த முறுக்கு, கடை அலமாரியில் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். சூடு ஆறும் முன் கவரில் போட்டால் உள்ளே ஆவி தங்கி நமத்துப் போகும். மெல்லிய பாலித்தீன் கவர் காற்றிலுள்ள ஈரத்தை மெதுவாக உள்ளே விடும். வெளிச்சம் பட்டால் எண்ணெயில் காறல் வாடை சீக்கிரம் வரும். பல அடுக்குள்ள வெள்ளிப் பூச்சுக் கவர் விலை கூடுதல்தான், அதையும் அடக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். சீல் சரியா என்று பார்க்க, பாக்கெட்டைத் தண்ணீரில் அமுக்கினால் போதும். குமிழி வந்தால் ஓட்டை. காலாவதி தேதியைப் பக்கத்துக் கம்பெனி கவரைப் பார்த்து எழுதுவதும் உண்டு, செய்யாதீர்கள். ஒரே பேட்சில் பத்துப் பாக்கெட்டைத் தனியே வைத்து, வாரம் ஒன்றாகப் பிரித்து முகர்ந்து, கடித்துப் பாருங்கள். எந்த வாரம் முகம் சுளிக்கிறதோ, அதற்குச் சில நாள் முன்னதாகவே தேதி போட வேண்டும். அப்புறம் ஒன்று: மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரைக் கவரில் போட நினைத்தால், அதன் பயனராக முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

விளம்பரத்தில், கடையில் சரக்கு இறங்கும் முன்பே ஆட்டோவில் மைக் கட்டுவது வீண். அதைவிட ஆபத்து, ‘பத்துக்கு ஒன்று இலவசம்’. கேட்க விளம்பரம் மாதிரி இருந்தாலும் அது விலைக் குறைப்புதான். பதினொரு பாக்கெட்டுக்கு 480 ரூபாய் என்றால் ஒன்றுக்கு 43 ரூபாய் 60 பைசா. லாபத்தில் 4 ரூபாய்க்கு மேல் காலி. அந்த ஆசையில் கடைக்காரர் கூடுதலாக எடுத்து வைத்த சரக்கு, தேதி முடிந்ததும் உங்களிடமே திரும்பும். அந்தப் பணத்தில் கல்லாப்பெட்டி அருகே ஒரு டப்பாவில் உடைத்த முறுக்கை வைத்து, வருகிறவர்களுக்கு ருசி பார்க்கக் கொடுங்கள்.

பலன் தெரிய முதல் ஆர்டரைப் பார்க்கக் கூடாது. முகத்துக்காக யாரும் பத்துப் பாக்கெட் வாங்குவார்கள். இரண்டாவது, மூன்றாவது ஆர்டரை எத்தனை கடை தானாகக் கொடுத்தது என்று நோட்டில் குறியுங்கள். 25-ல் பாதிக்கு மேல் கேட்கவில்லை என்றால் அடுத்த லைனுக்கு வண்டியை விடாதீர்கள்.