இயர்போன் மைக்கில் வகுப்பைப் பதிவு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருமுறை இயர்போன் மைக்கைச் சட்டைக் காலரில் பொருத்தி, போனை மேசையில் வைத்துவிட்டு, 50 நிமிட வகுப்பு ஒன்றைப் பதிவு செய்தேன். கேட்டுப் பார்த்தபோது மின்விசிறியின் இரைச்சலே முன்னால் நின்றது. நான் கரும்பலகைப் பக்கம் நடந்த இடங்களிலெல்லாம் குரல் தேய்ந்திருந்தது. காலரில் இருக்கும் மைக் நம்மோடு நகர்வதால் குரல் அப்படித் தேயாது. பதிவு முழுவதும் போனின் சொந்த மைக்கில்தான் நடந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

காரணம் போனின் தடித்த உறை. பெரும்பாலான இயர்போன்களில் மைக்குக்கான தொடர்பு, போனில் செருகும் பின்னின் அடியில், பிளாஸ்டிக் பிடியை ஒட்டிய பகுதியில் இருக்கிறது. உறை தடுப்பதால் அந்தப் பின் சிறிது வெளியே நின்றாலும், காதில் பாட்டு கேட்கலாம், ஆனால் மைக் இணையாமல் போகலாம். பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இரண்டே இருந்தால் அது மைக் இல்லாத இயர்போன்.

பலரும் செய்யும் பெரிய தவறு, "ஹலோ, ஹலோ" என்று பேசிப் பார்த்து நிறைவடைவது. அருகிலிருந்து பேசும்போது இரண்டு மைக்குகளிலுமே குரல் தெளிவாகப் பதியும் என்பதால், அந்தச் சோதனை எதையும் உறுதி செய்யாது. அதற்குப் பதிலாக, பதிவைத் தொடங்கி, "இயர்போன்" என்று சொல்லிவிட்டு இயர்போன் மைக்கின் துளையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள்; பிறகு "போன்" என்று சொல்லிவிட்டுப் போனின் கீழ் விளிம்பில் உள்ள மைக் துளையருகே அதேபோல் சுரண்டுங்கள். திரும்பக் கேட்கும்போது எந்தச் சொல்லுக்குப் பின் கரகரப்பு உரக்க எழுகிறதோ, அந்த மைக்கே வேலை செய்கிறது. உறையைக் கழற்றாமல், வகுப்பில் பயன்படுத்தப்போகும் அதே செயலியிலேயே இதைச் செய்ய வேண்டும். ஏனெனில் மைக்கைத் தேர்ந்தெடுக்கும் விதம் செயலிக்குச் செயலி மாறக்கூடும்.

புளூடூத் கருவி ஏதேனும் இணைந்திருந்தால் முதலில் அதைத் துண்டித்துவிடுங்கள். டைப்-சி இணைப்பான் வழியாக இயர்போனைச் செருகுவோர், எல்லா இணைப்பான்களும் எல்லாப் போன்களிலும் இயங்குவதில்லை என்பதால், இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். பதிவு தொடங்கிய பின் பின்னைக் கழற்றிச் செருகினாலும் மைக் மாறிவிடலாம். அப்படி நேர்ந்தால் நிறுத்திப் புதிதாகத் தொடங்குவதே நல்லது. அழைப்பு வந்தும் பதிவு தடைபடலாம் என்பதால், போனை விமானப் பயன்முறையில் வைத்திருங்கள்.

கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவர் தம் கழுத்தில் தொங்கும் மைக்கால் ஆசிரியரின் குரலைப் பிடிக்க முயல்வதில் பெரிய பயனில்லை. ஆசிரியர் இசைந்தால், அவருடைய வாய்க்கு ஒரு சாண் கீழே, துணியில் உரசாதபடி மைக்கைப் பொருத்தி, போனை அவருடைய பையிலேயே வைக்கச் சொல்லுங்கள்.