அமீரகத்தில் உறவினர் இறந்துவிட்டால்: உடலோடு போகும் காகிதங்களும் சொத்துக்கான காகிதங்களும்

துபாயில் வேலை பார்க்கும் ஒருவர் இறந்தால், உடலை ஊருக்கு அனுப்புவதற்கு வழி தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். கம்பெனியின் பி.ஆர்.ஓ., ஊர்ச் சங்கத்துக்காரர், உடன் தங்கியிருப்பவர் என்று யாராவது ஓடிவந்து உதவுவார்கள். சில நாட்களில் உடல் போய்விடும். சிக்கல் அதன் பிறகு தொடங்குகிறது. வங்கியிலும் தாலுகா அலுவலகத்திலும் மனைவியிடம் ஒரு காகிதம் கேட்பார்கள். அது அமீரகத்தில்தான் கிடைக்கும், ஆனால் அங்கே அலைய அப்போது ஆள் இருக்காது. ஆகவே உடலுக்கான காகிதங்களை வாங்கும்போதே சொத்துக்கான காகிதங்களையும் தயார் செய்துவிடுங்கள்.

சிவகங்கைப் பக்கத்துச் செல்லையா என்ற தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். துபாயில் கட்டுமானக் கம்பெனியில் எட்டு ஆண்டு வேலை, அடிப்படைச் சம்பளம் மாதம் 1,500 திர்ஹாம். முகாம் அறையில் தூக்கத்திலேயே இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

மருத்துவமனையில் இறந்தால் மருத்துவரே இறப்பு அறிவிப்பு தருவார். அறையில் இறந்தால் உடலைத் தொடாமல் 999க்கு அழைக்க வேண்டும். போலீசார் வந்து பார்த்து, உடலைப் பிணவறைக்கு அனுப்பி, இயற்கை மரணமா விபத்தா என்று அறிக்கை எழுதுவார்கள். அந்த அறிக்கையின் நகலை விடாமல் கேட்டு வாங்குங்கள். வேலையில் நேர்ந்த விபத்து என்றால் சட்டப்படி 24 மாத அடிப்படைச் சம்பளம், குறைந்தது 18,000 திர்ஹாம், அதிகபட்சம் 2 லட்சம் திர்ஹாம் இழப்பீடு உண்டு. வேலைக்கு வெளிநாடு போக இந்திய அரசின் அனுமதி தேவைப்படும் 'ECR' பாஸ்போர்ட்டில் வந்தவருக்கு இந்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு நடப்பில் இருந்தால், விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். இரண்டுமே மரணத்தின் காரணத்தைப் பொறுத்தவை. அந்த அறிக்கை கையில் இல்லாமல் எதையும் கேட்க முடியாது.

போலீஸ் அனுமதிக்குப் பின் சுகாதாரத் துறை இறப்புச் சான்றிதழ் தரும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். மூலச் சான்றிதழ் அரபியில் எழுதப்படும், அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும். அரபியில் 'ch' ஒலிக்குத் தனி எழுத்து கிடையாது, குறில் உயிர்களும் எழுதப்படுவதில்லை. செல்லையா அங்கே 'ஷெல்லையா' ஆகிவிடலாம். இன்னொரு பக்கம், நம் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நீண்டு 'செல்லையா கருப்பையா' என்று இருக்கும். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் 'க. செல்லையா'. மூன்றும் ஒரே ஆள்தான் என்று வங்கி அதிகாரி தானாக முடிவு செய்ய மாட்டார். சான்றிதழ் கைக்கு வந்தவுடன் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பாஸ்போர்ட் எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் அமீரக வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை விழுவதற்கு முன்பே திருத்திவிடுங்கள். முத்திரைக்குப் பிறகு திருத்துவதென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்தது விசா ரத்து, பிறகு இந்தியத் தூதரகம். துபாய்க்கும் வடக்கு அமீரகங்களுக்கும் துபாயில் உள்ள துணைத் தூதரகம், அபுதாபிக்கு அங்குள்ள தூதரகம். பாஸ்போர்ட், விசா நகல், இறப்புச் சான்றிதழ், போலீஸ் அறிக்கை, கம்பெனியின் கடிதம், ஊரில் உள்ள குடும்பத்தின் ஒப்புதல் ஆகியவற்றோடு போனால் அவர்கள் இரண்டு காரியம் செய்வார்கள்: பாஸ்போர்ட்டை ரத்து செய்து, உடலைக் கொண்டுபோக ஆட்சேபணை இல்லை என்று கடிதம் தருவார்கள்; மரணத்தையும் பதிவு செய்வார்கள். கடிதம் கிடைத்ததும் எல்லோரும் விமான நிலையத்துக்கு ஓடுகிறார்கள். மரணப் பதிவின் சான்றிதழையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைக் கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்துவிடுங்கள்.

உடல் கெடாதபடி பதம் செய்யும் பணி துபாயில் பெரும்பாலும் சோனாப்பூர் என்று நம் ஆட்கள் சொல்லும் முஹைஸ்னாவில் நடக்கிறது. அதற்கான சான்றிதழ் இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். இறப்புச் சான்றிதழ், பதம் செய்த சான்றிதழ், தூதரகக் கடிதம், ரத்தான பாஸ்போர்ட் நகல் ஆகிய நான்கையும் இந்திய அரசின் இ-கேர் இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும். இந்திய விமான நிலைய சுகாதார அதிகாரி அங்கே அனுமதி தருவார். அமீரகச் சட்டப்படி, குடும்பம் கேட்டால், உடலைத் தயார் செய்து சொந்த ஊருக்கு அனுப்பும் செலவு முதலாளியுடையது. முதலாளி இல்லாதவருக்கும் வழியற்றவருக்கும் தூதரகத்தின் இந்திய சமூக நல நிதி இருக்கிறது, கேட்டால்தான் கிடைக்கும்.

உடல் போன பிறகு ஊரில் பெரும்பாலானோர் செய்யும் தவறு, அடக்கம் செய்த ஊராட்சியிலோ நகராட்சியிலோ இறப்புச் சான்றிதழ் கேட்பது. மரணம் நேர்ந்த இடத்தில்தான் பதிவு செய்ய முடியும், அடக்கம் செய்த இடத்தில் அல்ல. வெளிநாட்டில் இறந்த இந்தியருக்கு, தூதரகத்தில் செய்யும் பதிவைத்தான் 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் ஏற்கிறது. ஆகவே தாசில்தாரிடம் கொடுக்க வேண்டியது தூதரகத்தின் மரணப் பதிவுச் சான்றிதழ். அதோடு அமீரகச் சான்றிதழின் ஆங்கில வடிவம், அமீரக வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் இந்தியத் தூதரக முத்திரையும் பெற்றது. மூலப் பிரதிகள் இரண்டு மூன்றாக வாங்குங்கள், ஒன்று வங்கியிலேயே தங்கிவிடக்கூடும்.

இந்தச் சான்றிதழை வைத்து இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். செல்லையா உயில் எழுதாத இந்து என்றால், மனைவி, பிள்ளைகளோடு உயிருடன் இருக்கும் தாய்க்கும் சம பங்கு உண்டு. தாயின் பெயரை விட்டுவிட்டால் பின்னால் வழக்கு வரும். வங்கிக் கணக்கில் நியமனதாரர் இருந்தால் பணத்தை அவரிடம் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அவர் வாரிசுகள் சார்பில் வாங்குபவரே தவிர, அதனாலேயே உரிமையாளர் ஆகிவிட மாட்டார். நியமனதாரர் இல்லாமல் தொகையும் பெரிதாக இருந்தால் நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்றிதழ் கேட்பார்கள். பெயர் வேறுபாட்டுக்கு, எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். பாஸ்போர்ட் எண் எல்லாச் சான்றிதழிலும் பொருந்தினால்தான் அது எளிதாக நிற்கும்.

அமீரகத்தில் தங்கிய பணத்தையும் மறக்காதீர்கள். பணிக்கொடை முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள், அதன் பிறகு ஆண்டுக்கு 30 நாள் அடிப்படைச் சம்பளம். செல்லையாவின் ஒரு நாள் சம்பளம் 50 திர்ஹாம். முதல் ஐந்து ஆண்டுக்கு 105 நாள், 5,250. அடுத்த மூன்று ஆண்டுக்கு 90 நாள், 4,500. ஆக 9,750 திர்ஹாம், அதோடு பாக்கிச் சம்பளமும். மரணம் தெரிந்த 10 நாளுக்குள் முதலாளி இதைக் குடும்பத்திடம் கொடுக்க வேண்டும். கம்பெனி நீட்டும் 'எல்லாம் பெற்றுக்கொண்டோம்' என்ற தாளில் கணக்கைப் பார்க்காமல் யாரும் கையெழுத்திட வேண்டாம். இழுத்தடித்தால் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் புகார் பதியலாம். சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலத்துறையிடமும் மனு கொடுக்கலாம். அமீரக வங்கிக் கணக்கு, மரணம் தெரிந்தவுடன் முடக்கப்படும். அதைத் திறக்க அங்குள்ள நீதிமன்ற உத்தரவு வேண்டும். மனைவி வர முடியாது என்றால், அங்கே நம்பிக்கையான ஒருவருக்கு இந்தியாவிலிருந்து அதிகாரப் பத்திரம் அனுப்ப வேண்டும். நோட்டரி கையெழுத்து மட்டும் அங்கே செல்லாது. மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், இந்தியாவில் உள்ள அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை பெற்று, கடைசியில் துபாயில் அமீரக வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் விழ வேண்டும். அரபி மொழிபெயர்ப்பிலும் செல்லையாவின் பெயர், இறப்புச் சான்றிதழில் இருந்தபடியே இருக்கிறதா என்று அங்கிருப்பவரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.