வெள்ளைக் கட்டைகளில் ராகத்தைத் தேடுவோர் செய்யும் தவறுகள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறேன். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் கீபோர்டு வைத்திருக்கிறார்கள். சிலர் பட்டணத்துக்குப் போய் மேற்கத்திய இசையும் கற்றிருக்கிறார்கள். அப்படி வந்த முதலாம் படிவ மாணவன் ஒருவன் முதல் நாளே, "டீச்சர், சங்கராபரணம் எனக்குத் தெரியும். சி மேஜர்தானே?" என்று சொல்லி, எட்டு வெள்ளைக் கட்டைகளையும் வரிசையாக அழுத்திக் காட்டினான். அவன் அழுத்திய கட்டைகளில் பிழை இல்லை. ஆனால் சங்கராபரண ராகத்தைக் கேட்டுப் பழகிய எந்தக் காதும் அதைச் சங்கராபரணம் என்று ஏற்காது. அந்த இடைவெளியில்தான் புதிதாகக் கற்பவர்கள் பலரும் தடுமாறுகிறார்கள்.

முதலில் ஸ்கேல் என்பது என்ன என்று பார்ப்போம். ஒரு ஸ்தாயிக்குள் கீபோர்டில் பன்னிரண்டு கட்டைகள் உள்ளன: ஏழு வெள்ளை, ஐந்து கறுப்பு. அவற்றிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுத்து ஏற்ற இறக்க வரிசையில் அடுக்கினால் அது ஸ்கேல். மேற்கத்திய இசையமைப்பாளர் அந்த அடுக்கிலிருந்து சுரங்களை எடுத்து மெட்டும் கட்டுவார், ஒரே நேரத்தில் மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டுகளும் அமைப்பார். எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரத்துக்குத் தாவ வேண்டும், எதில் நிற்க வேண்டும் என்று ஸ்கேல் அவருக்குக் கட்டளையிடுவதில்லை. ராகத்துக்கும் இத்தகைய சுர அடுக்கு உண்டு. ஆனால் அடுக்கு மட்டும் ராகம் ஆகிவிடாது. வீட்டு வாசற்படியில் நின்றுகொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டதாக நினைப்பதே முதல் தவறு.

இதற்கு முத்துசாமி தீட்சிதரே சான்று தந்திருக்கிறார். 1775 முதல் 1835 வரை வாழ்ந்த அவர், ஐரோப்பிய மெட்டுகள் சிலவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் எழுதினார். நோட்டுசுரம் என்று அழைக்கப்படும் அவற்றில் 'சந்ததம் பாஹிமாம்' என்பது பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டிலேயே அமைந்தது. அதில் வருபவை சங்கராபரணத்தின் சுரங்களே. இருந்தும், சங்கராபரணம் எப்படி இருக்கும் என்று கேட்கும் மாணவருக்கு எந்த ஆசிரியரும் நோட்டுசுரத்தைப் பாடிக் காட்ட மாட்டார். சுரங்கள் அதில் நேராக, அசைவில்லாமல், அணிவகுப்பு நடையில் நிற்கின்றன. சங்கராபரணத்தின் ம என்னும் மத்தியமமோ அப்படி நிற்காது. க என்னும் காந்தாரத்துக்கும் ப என்னும் பஞ்சமத்துக்கும் இடையில் அசைந்துகொண்டே இருக்கும்.

அந்த அசைவுக்குக் கமகம் என்று பெயர். அதை மேலே தூவும் அலங்காரமாக நினைப்பது அடுத்த தவறு. நேரான சுரத்தைக் கற்றுக்கொண்ட பிறகு கொஞ்சம் ஆட்டிப் பாடினால் கமகம் ஆகிவிடும் என்று பெரியவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். தோடியைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம். கீபோர்டில் மூன்றாவது வெள்ளைக் கட்டையைச் ஸ-வாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசியுங்கள். மேற்கத்தியர் இதைப் பிரிஜியன் என்பார்கள். தோடிக்குரிய ஏழு சுரங்களும் இவையே. பத்து முறை வாசித்தாலும் தோடி வராது. ஏனென்றால் தோடியின் காந்தாரம் ஒரு கட்டையில் உட்கார்ந்திருக்கும் ஒலி அல்ல. ரிஷபத்தின் பக்கமும் மத்தியமத்தின் பக்கமும் போய்வரும் ஓர் ஊசலாட்டத்துக்கே அங்கே காந்தாரம் என்று பெயர். அசைவை நீக்கினால் எஞ்சுவது அலங்காரம் இல்லாத தோடி அல்ல, வேறு ஏதோ ஒன்று. டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை ஒலிப்பதிவில் கேட்டவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். நாதஸ்வரத்தில் அந்தக் காந்தாரம் ஒருபோதும் ஒரே இடத்தில் உறைந்து நிற்பதில்லை.

கீபோர்டின் இடது ஓரத்தில் சுருதியை வளைக்கும் சக்கரம் இருந்தால் ஓரளவு இதை அணுகலாம். என்றாலும், எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில், எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதைத் தொண்டையில் கற்ற பிறகே கை அதைச் செய்யும். அதனால்தான் கருவி கற்க வருபவர்களையும் நான் முதலில் பாட வைக்கிறேன்.

இனி, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே சிக்கிக்கொள்ளும் இடத்துக்கு வருவோம். ஸ்கேல் போதாது, ஆரோகணமும் அவரோகணமும் வேண்டும் என்று அவர்கள் புரிந்துகொள்கிறார்கள். ஏறும்போது சில சுரங்களை விட்டுவிட்டு, இறங்கும்போது எல்லாவற்றையும் தொடும் ராகங்கள் உண்டு என்று தெரிந்ததும், அந்த இரண்டு வரிகளையும் மனப்பாடம் செய்துவிட்டால் ராகம் கைக்கு வந்துவிட்டது என்று நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையை உடைப்பதற்கு ஆரபியும் தேவகாந்தாரியும் போல வேறு இணை இல்லை. இரண்டுக்கும் ஆரோகணம் ஸ ரி ம ப த ஸ. இரண்டுக்கும் அவரோகணம் ஸ நி த ப ம க ரி ஸ. முதல் வெள்ளைக் கட்டையைச் ஸ-வாக வைத்தால் எல்லாமே வெள்ளைக் கட்டைகள். ஏறும்போது மூன்றாவதையும் ஏழாவதையும் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். தாளில் எழுதினால் ஓர் எழுத்துகூட வேறுபடாது. ஆனால் கேட்டுப் பழகியவருக்கு இரண்டு மூன்று பிடிகளிலேயே, அதாவது சிறு சுரத் தொடர்களிலேயே, இது ஆரபி, இது தேவகாந்தாரி என்று தெரிந்துவிடும்.

எப்படித் தெரிகிறது? ஆரபி விறுவிறுப்பான நடையில் பொலிவது. அசைவுகள் குறைவு, ஸஸ ரிரி மம பப என்று சுரங்களை இரட்டையாக அடித்துக்கொண்டு போகும் ஜண்டைப் பிடிகள் அதற்கு இயல்பாகப் பொருந்தும். அதன் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் மிகக் குறுகத் தொட வேண்டும். 'ம க ரி' என்று இறங்கும்போது காந்தாரம் மத்தியமத்தை ஒட்டிக்கொண்டு வந்து உடனே ரிஷபத்தில் கரைந்துவிடும். 'ஸ நி த' என்னும்போது நிஷாதமும் ஷட்ஜத்தை அப்படியே ஒட்டிக்கொள்ளும். அந்தக் காந்தாரத்தில் ஒரு கணம் கூடுதலாக நின்றுவிட்டாலும் ஆரபியின் முகம் கலைந்துபோகும். தேவகாந்தாரி நேர் எதிர். அது நிதானத்தில் வாழ்வது. மத்தியமத்திலிருந்து இறங்கி வந்து ரிஷபத்தில் நீளமாக நின்று, அந்த ரிஷபத்தை மெல்ல அலைபோல அசைத்துக் கொடுக்கும்போதுதான் அதன் உருவம் துலங்குகிறது. தியாகராஜரிடம் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம். பஞ்சரத்தினக் கீர்த்தனைகளில் ஒன்றான 'ஸாதிஞ்சனே' ஆரபி. 'க்ஷீரஸாகர சயன' தேவகாந்தாரி.

வகுப்பில் இதை இப்படிச் செய்து பார்த்தோம். மேலே சொன்ன மாணவனிடம் 'ப ம க ரி' என்ற நான்கு சுரங்களை மட்டும் கொடுத்தேன். முதலில் நான்குக்கும் சமமான நேரம் கொடுத்து வாசித்தான். அது எந்த ராகமும் இல்லை, ஏணியிலிருந்து இறங்கும் நான்கு படிகள் மட்டுமே. பிறகு 'க' என்பதைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குச் சுருக்கி, பஞ்சமத்தை நிமிர்த்தி, சற்று விரைவாக வாசிக்கச் சொன்னேன். ஆரபியின் சாயல் வந்தது. அடுத்து அவன் கீபோர்டை மூடி வைத்துவிட்டுப் பாட வேண்டியிருந்தது, ஏனென்றால் தேவகாந்தாரியின் நீண்ட ரிஷப அசைவு கட்டையில் வராது. அதே 'ப ம க ரி'தான். நடையைப் பாதியாகக் குறைத்து, ரிஷபத்துக்கு மட்டும் மற்ற மூன்றும் சேர்ந்த அளவு நேரம் கொடுத்து அசைத்தபோது மண்டபத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்குச் சுரம் எழுதத் தெரியாது. மாறியது என்ன என்று அவருடைய காதுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே ராகத்தைக் குறித்துக்கொள்ளும் நோட்டில் ஆரோகண அவரோகணத்துக்குக் கீழே, எந்தச் சுரம் நீளும், எது குறுகும், எது அசையும், எதில் வந்து நிற்கலாம் என்ற நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். அவற்றை நிரப்புவதற்குக் கீர்த்தனைகள்தான் வழி. ஒரு ராகத்தில் இரண்டு கீர்த்தனைகளாவது பாடமாகாமல் அந்தப் பக்கம் நிரம்பாது.

சுருதி குறித்தும் ஒரு குழப்பம் உண்டு, அது எளிதில் தீரும். சி என்ற கட்டைதான் ஸ என்று நினைத்து, அந்தச் சுருதியிலேயே எல்லாரையும் பாடச் சொல்கிறார்கள். மேற்கத்திய எழுத்துப் பெயர் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட உயரத்தைச் சுட்டும்; நம்முடைய ஸ அப்படிப்பட்டதல்ல. பாடுபவரின் குரல் எங்கே வசதியாக இருக்கிறதோ அங்கே ஸ இருக்கும். சுருதியைச் சொல்லும் கணக்கில் ஆர்மோனியத்தின் சி ஒரு கட்டை, ஜி ஐந்து கட்டை. பெண்கள் பெரும்பாலும் ஐந்து கட்டையை ஒட்டியும் ஆண்கள் ஒரு கட்டையை ஒட்டியும் பாடுகிறார்கள், ராகம் மாறுவதில்லை.

ஆனால் பாட்டு தொடங்கிய பிறகு அந்த ஸ நகரவே கூடாது. மேற்கத்திய இசையில் நடுவழியில் வேறு ஆதார சுரத்துக்கு மாறிப் போய்த் திரும்பி வருவது இசையமைப்பின் அழகுகளில் ஒன்று. நம் இசையிலோ தம்பூரா ஸ-வையும் ப-வையும் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு சுரமும் அந்த ஸ-வை வைத்தே பொருள் பெறுகிறது. மோகனத்தை எடுத்துக்கொள்வோம்: ஸ ரி க ப த. இதே ஐந்து கட்டைகளில் தைவதத்தை ஸ என்று காது எடுத்துக்கொண்டால் சுத்த தன்யாசி ஆகிவிடும். ரிஷபத்தை எடுத்துக்கொண்டால் மத்தியமாவதி.

திருவிழா மேடைகளில் மோகனப் பாட்டுக்குக் கீபோர்டு வாசிக்கும் இளைஞர்கள் தெரியாமல் செய்கிற தவறு இதுதான். சி-யை ஸ-வாக வைத்து வலது கை மோகனத்தைச் சரியாக வாசிக்கிறது. இடது கை ஏ மைனர் கார்டில் போய் உட்கார்கிறது. அந்தக் கார்டின் வேர் தைவதம். நான்கு தாள வட்டம் அதிலேயே நின்றால் கேட்பவரின் ஸ மெல்ல அங்கே நழுவிவிடும், பாடுபவருக்கும் சுருதி தடுமாறும். என் மாணவனும் அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தான். கார்டுகளையும் தானியங்கித் தாளத்தையும் நிறுத்திவிட்டு, இடது கையில் ஸ-வும் ப-வும் மட்டும் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். இப்போது ஆறு மாதமாக அவனுடைய இடது கை அந்த இரண்டு கட்டைகளில்தான் இருக்கிறது, மோகனத்தின் காந்தாரத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று வலது கை தேடிக்கொண்டிருக்கிறது.