மார்ச் மாத அவசரம்: 80சி முதலீட்டில் பணம் வீணாகும் இடங்கள்

வருமான வரியின் 80சி பிரிவுப்படி சேமிப்பு, காப்பீடு போன்றவற்றில் போடும் பணத்தை ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். மார்ச் மூன்றாவது வாரத்தில் “இன்னும் ஒன்றரை லட்சம் போடணுமே” என்று கிளம்புகிறவர்களில் பலர் உண்மையில் போட வேண்டிய தொகை அதில் கால்வாசிகூட இருக்காது. ஏப்ரலில் போட வேண்டிய கணக்கைப் போடாமல் விட்டதால் அது தெரியாமலே போகிறது.

முதல் தவறு, எந்த வரி முறையில் இருக்கிறோம் என்று பார்க்காமல் முதலீடு செய்வது. 80சி கழிவு பழைய முறையில் மட்டும்தான் உண்டு. அலுவலகத்தில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறைப்படிதான் சம்பளத்தில் வரி பிடிப்பார்கள். 2025-26 முதல் புதிய முறையில், சம்பளம் மட்டுமே வருமானமாக உள்ளவருக்கு 12.75 லட்சம் வரை வரி கிடையாது. அதற்குள் சம்பளம் வாங்குகிறவர் வரிக்காகவே ஒரு ஆயுள் காப்பீட்டுப் பாலிசி எடுத்தால் அதனால் ஒரு ரூபாய் வரிகூடக் குறையாது. பழைய முறை லாபமாக இருப்பது பெரும்பாலும் வாடகை, வீட்டுக் கடன் வட்டி இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறவர்களுக்குத்தான்.

சென்னையில் ஆண்டுக்கு 18 லட்சம் சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் மாதம் 60,000. வாடகை 31,000. ஊரில் கட்டிய வீட்டுக்குக் கடன் இருக்கிறது. சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப்படிக்கு விலக்கு 3 லட்சம், கடன் வட்டி 2 லட்சம், நிலையான கழிவு 50,000, மருத்துவக் காப்பீடு 25,000, 80சி ஒன்றரை லட்சம் எல்லாம் போனால் மிஞ்சுவது 10.75 லட்சம். அதற்கு வரி 1,40,400 ரூபாய். புதிய முறையில் அவருக்கு 1,50,800 வரும். ஆக, அவருக்குப் பழைய முறைதான் சரி.

இனி அந்த ஒன்றரை லட்சத்தைப் பாருங்கள். சம்பளத்தில் பிடிக்கும் பி.எஃப். மாதம் 7,200, ஆண்டுக்கு 86,400. அதுவும் 80சியில் சேரும். வீட்டுக் கடனில் இந்த ஆண்டு அடையும் அசல் 40,000, அதுவும் சேரும். ஏற்கெனவே 1,26,400 ஆகிவிட்டது. பாக்கி 23,600 மட்டும்தான், அதாவது மாதம் 2,000 ரூபாய்க்கும் குறைவு. பிள்ளைகளின் பள்ளிக் கல்விக் கட்டணம் இருந்தால் (இரண்டு பிள்ளைகள் வரை) அந்தப் பாக்கியும் நிரம்பிவிடும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் மார்ச்சில் ஒரு லட்சம் பிரீமியத்துக்குப் பாலிசி எடுத்தால் 76,400 ரூபாய்க்கு வரிச்சலுகையே கிடையாது. அடுத்த ஆண்டும் அதே ஒரு லட்சம் கட்டியாக வேண்டும். இரண்டு ஆண்டு பிரீமியம் கட்டுவதற்குள் நிறுத்தினால், முன்பு கழித்த தொகையையும் வருமானத்தில் திரும்பச் சேர்த்துவிடுவார்கள். அவசரத்தில் நடக்கும் தவறுகளில் நிஜமாகவே வலிக்கிறது இதுதான்.

அந்த 2,000 ரூபாயை 80சியில் சேரும் அரசுச் சேமிப்புக் கணக்கான பி.பி.எஃப்.-இல் போடுகிறார் என்றால் தேதியைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. 7.1 சதவீத வட்டியில், 24,000 ரூபாயை ஏப்ரல் 5-க்குள் மொத்தமாகப் போட்டால் அந்த ஆண்டு 1,704 ரூபாய் கிடைக்கும். மாதாமாதம் 5-க்குள் 2,000 போட்டால் சுமார் 923. மார்ச் 20-இல் மொத்தமாகப் போட்டால் அந்த ஆண்டு வட்டி பூஜ்யம். கையில் பணம் இருந்தால் ஏப்ரலிலேயே முழுதும் போடுவது நல்லது. இல்லாவிட்டால் மாதம் 2 அல்லது 3-ஆம் தேதிக்கு வங்கியில் தானியங்கிப் பரிமாற்றம் வைத்துவிடலாம். அதை 7-ஆம் தேதிக்கு வைத்தால் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு மாத வட்டி போய், 923 என்பது 781 ஆகிவிடும். பலர் பாஸ்புக்கைப் பார்த்தும் இதைக் கவனிப்பதில்லை.

பங்குச் சந்தை ஏற்ற இறக்கத்தைத் தாங்க முடிகிறவர் அதே தொகைக்கு, 80சியில் சேரும் பங்கு ஃபண்டான இ.எல்.எஸ்.எஸ்.-இல் மாதத் தவணையாக எஸ்.ஐ.பி. போடலாம். ‘மூன்று ஆண்டில் எல்லாம் எடுக்கலாம்’ என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு தவணைக்கும் அது போட்ட நாளிலிருந்து தனியாக மூன்று ஆண்டு பூட்டு உண்டு. ஏப்ரல் 2025 தவணை ஏப்ரல் 2028-இல்தான் வெளியே வரும், மார்ச் 2026 தவணை மார்ச் 2029-இல்.

அலுவலகத்தில் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியிலேயே ரசீது கேட்டுவிடுவார்கள். ஏப்ரலில் அறிவித்த தொகைக்கு அப்போது ரசீது இல்லையென்றால், விட்டுப்போன வரி முழுவதையும் கடைசி இரண்டு மூன்று சம்பளத்தில் பிடிப்பார்கள். அதைப் பார்த்துப் பதறி கண்டதை வாங்க வேண்டாம். ரசீது கேட்டு முடிந்தபின் மார்ச் 31-க்குள் கட்டியதையும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது காட்டலாம். கூடுதலாகப் பிடித்தது திரும்பி வரும். ஆனால் மார்ச் 31 மாலை அனுப்பிய பணம் ஃபண்டுக்கு மறுநாள் போய்ச் சேர்ந்தால் அது அடுத்த ஆண்டுக் கணக்கு. அதனால் கடைசித் தவணையை மார்ச் 25-க்குள் முடித்துவிடுங்கள்.